போர்டு போட்டோ: பின்னணி எடுக்கணும்

தம்பி, கடை போர்டு போட்டோ ஒன்று அனுப்பியிருக்கிறேன், சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும் என்பதால் டாக்குமெண்டாகவே போட்டிருக்கிறேன், அதையே எடுத்துக்கொள். பின்னால் தெரியும் சுவர், வானம், மாடி ஜன்னல் எல்லாம் போய் போர்டு மட்டும் நிற்க வேண்டும். பில் புத்தகத்திலும் பையிலும் அச்சடிக்கப் போகிறேன். பை சிவப்பு நிறம், அதனால் வெள்ளைப் பின்னணி வைத்துக் கொடுத்தால் கட்டம் கட்டினது மாதிரி அசிங்கமாக இருக்கும். ஒன்றுமே இல்லாத பின்னணியாக, பிஎன்ஜி ஃபைலில் வேண்டும்.

போன தடவை வேறொருவர் ஏதோ ஆப்பில் போட்டு இரண்டே நிமிடத்தில் கொடுத்தார். பார்த்தால் போர்டுக்கு மேலே தனியாக நிற்கிற தகர எழுத்துகளில் புள்ளி மூன்றையும் காணோம், 'ஸ்டோர்ஸ்' என்பது 'ஸடோரஸ' ஆகிவிட்டது! சுழிக்குள் வானம் வேறு அப்படியே நீல நீலமாக இருந்தது. அதனால் புள்ளி, சுழி இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்து கையாலேயே வெட்டிவிடு.

அப்புறம், இடது ஓரத்தில் ஒரு கரண்ட் வயர் சைக்கிள் படத்தின் குறுக்கே போகிறது, அதை அழிக்க முடியுமா? முடியாவிட்டால் சொல், காலையில் ஏணி போட்டு வேறு போட்டோ எடுக்கிறேன். போர்டின் மஞ்சள் நிறத்தை மட்டும் மாற்றாதே, வெயிலில் வெளுத்ததும் அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை பிரஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்லிவிடு.