15.10.2025 அன்று வந்த ரூ. 3,92,000: எந்த பில்லுக்கு என்று தெரிவிக்க வேண்டுகிறோம்

கொடுமணல் நூல் ஏஜென்சி
கோயம்புத்தூர்
17.10.2025

பெறுநர்:
திரு. பழனிசாமி அவர்கள்
நொய்யல்கரை நிட்ஸ், திருப்பூர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த புதன்கிழமை, 15-ஆம் தேதி மதியம், எங்கள் நடப்புக் கணக்கில் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் ரூ. 3,92,000 வரவாகியிருக்கிறது. வங்கி ஸ்டேட்மெண்டில் அனுப்பியவர் பெயர் இப்படி மட்டும்தான் இருக்கிறது:

`RTGS CR-NILAMANGAI TRADERS`

பில் எண்ணோ, உங்கள் நிறுவனத்தின் பெயரோ அதில் இல்லை. நிலமங்கை டிரேடர்ஸ் என்ற பெயரில் எங்களிடம் லெட்ஜர் இல்லை. அவர்களுக்கு நாங்கள் ஒரு மூட்டை நூல்கூட அனுப்பியதில்லை. தீபாவளிக்கு முன் நாலு லட்சம் அளவில் போட்டுவிடுவதாக 10-ஆம் தேதி போனில் நீங்கள் சொல்லியிருந்ததால் இது உங்கள் சார்பில் வந்த பணமாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் இதே வாரத்தில் பணம் அனுப்புவதாகச் சொன்ன வேறு வாடிக்கையாளர்களும் திருப்பூரில் இருக்கிறார்கள். எனவே உங்களைக் கேட்காமல் உங்கள் கணக்கில் வரவு வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தொகை இப்போதைக்கு சஸ்பென்ஸ் கணக்கில் இருக்கிறது.

நேற்று மாலை வரை உங்கள் லெட்ஜரில் நிற்கும் பாக்கி இது:

பில் 418, 22.07.2025, 24 மூட்டை: ரூ. 3,27,600. செப்டம்பர் 3-இல் வந்த ஒரு லட்சம் போக ரூ. 2,27,600. கெடு 05.09.2025.
பில் 463, 19.08.2025, 30 மூட்டை: ரூ. 4,06,350. கெடு 03.10.2025.
பில் 502, 11.09.2025, 12 மூட்டை: ரூ. 1,65,060. கெடு 26.10.2025.
மொத்தம் ரூ. 7,99,010.

வந்த தொகை இவற்றில் எதற்கும் நேராகப் பொருந்தவில்லை. ஆனால் இரண்டு விதமாக மிக நெருங்கி வருகிறது, சிக்கலே அங்கேதான். 418-இன் மீதியையும் 502-ஐயும் சேர்த்தால் ரூ. 3,92,660; அறுநூற்று அறுபது ரூபாய்தான் குறைகிறது. டி.டி.எஸ். பிடித்திருப்பீர்களோ என்று வரிக்கு முந்தைய தொகையில் 0.1 சதவீதம் போட்டுப் பார்த்தோம். ரூ. 469.20 வருகிறது, அதுவும் ஒத்துப்போகவில்லை. இன்னொரு பக்கம், பில் 463-இல் ஒரு மூட்டை நூல் கட்டியும் மெலிசுமாக ஓடியது என்று செப்டம்பரில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு மூட்டையை, 50 கிலோ, ஜி.எஸ்.டி.யோடு ரூ. 13,545 என்று கழித்தால் ரூ. 3,92,805 வருகிறது. இதிலும் எண்ணூற்று ஐந்து ரூபாய் குறைகிறது. நீங்கள் ரவுண்டாக ஒரு தொகையைச் சொல்லி, அதை அவர்கள் அனுப்பியிருக்கலாம். எந்தக் கணக்கை மனதில் வைத்துச் சொன்னீர்கள் என்பதை நாங்கள் ஊகிப்பது முறையல்ல.

பணம் தருபவர் எந்த பில்லுக்கு என்று சொன்னால் அதில்தான் கழிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் வாங்குபவர் தன் விருப்பப்படி வரவு வைத்துக்கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை உங்களிடம் பயன்படுத்த நாங்கள் விரும்பவில்லை. 418-இலும் 502-இலும் வைத்தால் 463 முழுசாகக் கெடு தாண்டி நிற்கும். 463-இல் வைத்தால் செப்டம்பர் 5-இல் கெடு முடிந்த 418 அப்படியே தொங்கும், வட்டியும் அதன்மேல் ஓடும். உங்கள் புத்தகத்தில் ஒரு மாதிரியும் எங்கள் புத்தகத்தில் வேறு மாதிரியும் எழுதிவிட்டால், மார்ச்சில் பாக்கியை ஒத்துப்பார்க்கும்போது இரண்டு பக்கத்து ஆடிட்டரும் இதைத்தான் தோண்டுவார்கள்.

463-இன் மூட்டை விஷயத்தையும் இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். மில்லுக்கு அனுப்பிய சாம்பிளுக்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால்தான் கிரெடிட் நோட் போடவில்லை. இந்தப் பணத்தை 463-இல் வைக்கச் சொன்னால் அப்படியே வைப்போம். அதனால் கழிவை நாங்கள் ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது. மில் பதில் வந்ததும் அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

தயவுசெய்து எங்களுக்கு மூன்று விஷயங்களைத் தெரிவியுங்கள். முதலில், இந்தப் பணம் உங்களுக்காக வந்ததுதானா? ஆம் என்றால், எந்த பில்லில் எவ்வளவு? "418 மீதி முழுசும், மிச்சம் 502-க்கு" என்று ஒரு வரி எழுதினால் போதும். மூன்றாவது, நிலமங்கை டிரேடர்ஸ் உங்களுக்கு யார்: உங்களிடம் துணி வாங்குபவரா, உங்கள் குடும்பத்தின் வேறு நிறுவனமா? அவர்களுடைய லெட்டர்பேடில், நொய்யல்கரை நிட்ஸ் தர வேண்டிய நூல் பாக்கிக்காக இந்தத் தொகையை அனுப்பினோம் என்று கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு கடிதம் வேண்டும். நாளைக்கு அவர்கள் எங்களிடமே வந்து "தெரியாமல் போட்டுவிட்டோம், திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டால் உங்களுக்கும் எங்களுக்கும் அதுதான் காப்பு.

அந்தக் கடிதத்தில் யு.டி.ஆர். எண்ணும் இருக்கட்டும். எண்ணை இங்கே வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். அனுப்பியவர் கையில் இருக்கும் எண்ணும் எங்கள் ஸ்டேட்மெண்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

பணம் உங்களுடையது இல்லை என்றாலும் உடனே சொல்லிவிடுங்கள், வேறு இடத்தில் விசாரிப்போம். யாராவது உங்களுக்குப் போன் செய்து, தவறி வந்த பணம் என்று வேறு ஒரு கணக்கு எண்ணைத் தந்து எங்களிடம் சொல்லச் சொன்னால் தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். திருப்ப வேண்டி வந்தால், வந்த அதே கணக்குக்கு எங்கள் வங்கி வழியாக மட்டுமே திருப்புவோம்.

அவசரத்துக்குக் காரணம் உங்கள் அடுத்த ஆர்டர்தான். உங்களுக்கான வரம்பு எட்டு லட்சம். லெட்ஜரில் இப்போது அது ஏறக்குறைய நிறைந்து நிற்கிறது. வரவு ஏறாமல் 20 மூட்டைக்கு பில் போட சாஃப்ட்வேர் விடாது. திங்கள்கிழமை தீபாவளி. அதன்பிறகு உங்கள் யூனிட்டில் ஆட்கள் ஊரிலிருந்து திரும்பச் சில நாட்கள் ஆகும் என்பது தெரியும். ஆகவே நாளை சனிக்கிழமை மாலைக்குள், கடிதம் பின்னால் வந்தாலும் பரவாயில்லை, பில் விவரத்தையாவது இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதுங்கள். 20 மூட்டையையும் அதே லாட்டில் பேசிய விலைக்கே 25-ஆம் தேதி வரை ஒதுக்கி வைக்கச் சொல்லி கோடவுனில் சொல்லியிருக்கிறேன்.

போனில் பேசுவதானால் நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் அலுவலக எண்ணுக்கே கூப்பிடுங்கள், நாளை இரவு ஏழு மணி வரை இருப்பேன். பேசினாலும் ஒரு வரி எழுத்தில் தந்துவிடுங்கள் ஐயா. விவரம் வந்த அன்றே ரசீதும் புதிய பாக்கிப் பட்டியலும் அனுப்பிவைக்கிறேன். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

இப்படிக்கு,
சிவகாமி
கணக்குப் பிரிவு
கொடுமணல் நூல் ஏஜென்சி

இணைப்பு: 16.10.2025 வரையிலான லெட்ஜர் நகல். பில் 418, 463, 502 நகல்கள்