பொருள்: கிளைம் எண் 25050417 – ரூ.2,11,700 இழப்பீடு தாமதம் – எழுத்துப்பூர்வப் புகார்

ஆத்தங்குடி,
04.08.2025

கிளை மேலாளர் அவர்களுக்கு,
காரைக்குடி கிளை.

ஐயா, வணக்கம்.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்திவருகிறேன். ஜூன் 30 அன்று நான் அனுப்பிய நினைவூட்டலில் "பணம் இன்னும் வரவில்லை" என்று மட்டுமே எழுதியிருந்தேன். கோப்பைத் தேட அது போதாது என்பதால், இம்முறை முழு விவரங்களையும் தருகிறேன்.

மே 8 மாலை சூறைக்காற்றுடன் கொட்டிய மழையில் பட்டறையின் கூரைத் தகடுகள் பறந்தன. மறுநாள் காலையே தொலைபேசியில் தெரிவித்தேன். மேற்கண்ட கிளைம் எண் அப்போது கிடைத்தது. மே 12 அன்று சர்வேயர் நேரில் வந்து படமெடுத்தார். மே 19 அன்று கேட்கப்பட்ட ரசீதுகளையும் இருப்புப் பதிவேட்டையும் மே 26 அன்று உங்கள் கிளையில் ஒப்படைத்து, முத்திரையிட்ட ஒப்புதல் பெற்றேன். ஜூன் 30 கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூலை 21 அன்று தொலைபேசியில் கேட்டபோது, சர்வே அறிக்கை ஜூன் 11 அன்றே வந்துவிட்டது, கோப்பு மண்டல அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள்.

நான் எதிர்பார்க்கும் தொகை: கூரைத் தகடுகள் 62, தலா ரூ.1,450 வீதம் ரூ.89,900. விற்பனைக்கு இருந்த கற்கள் 2,600, தலா ரூ.38 வீதம் ரூ.98,800. உடைந்த கண்ணாடிகள் 350, தலா ரூ.80 வீதம் ரூ.28,000. மொத்தம் ரூ.2,16,700. பாலிசிப்படி என் பங்கான ரூ.5,000 போக, ரூ.2,11,700.

கண்ணாடியைச் சில்லறைச் சாமான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன்மீது அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றித்தான் ஒவ்வொரு கல்லும் பிறக்கிறது. கல்லின் வழவழப்பே கண்ணாடி தருவதுதான். வேறு இயந்திரம் எங்களுக்குக் கிடையாது. இன்று மீந்த கண்ணாடிகளை வைத்துப் பாதி ஆட்களுக்கே வேலை கொடுக்க முடிகிறது. கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்; ஐப்பசி மழையை அது தாங்காது.

சர்வே அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை. ஜூன் 18-இல் அந்தக் கெடு முடிந்தது. இன்றோடு 47 நாட்கள் கடந்துவிட்டன.

ஆகஸ்ட் 18-க்குள் தொகையை, தாமதத்துக்குரிய வட்டியுடன் (வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம்), பாலிசியில் பதிவான வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். எதையேனும் குறைத்தால் எந்த இனத்தில், எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தாருங்கள்; சர்வே அறிக்கையின் நகலும் தேவை. இக்கடிதத்தைப் புகாராகப் பதிந்து புகார் எண்ணை அனுப்புங்கள். அந்தத் தேதிக்குள் தீராவிட்டால் 'பீமா பரோசா' தளத்தில் பதிவு செய்வேன். ஒரு மாதம் கடந்தும் பதில் வராவிட்டால் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்வேன்.

இணைப்பு: மே 26 ஒப்புதல் நகல், ஜூன் 30 கடித நகல், இழப்புப் பட்டியல், 14 படங்கள்.

இப்படிக்கு,
மெ. வள்ளியம்மை
பட்டறை உரிமையாளர்