வார்டு பாக்கெட் தாள்: தமிழ் – இந்தி (அறுவை சிகிச்சை வார்டு)

நாலாக மடித்தால் யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும். ஈரமானால் புது நகல் நர்சிங் ஸ்டேஷன் டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தி வரிகளைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறது, ஏனென்றால் வாசிக்கப் போவது நாம்தான். நோயாளிக்குப் படிக்கத் தெரியுமா என்று தெரியாது, தெரிந்தாலும் வலியில் துடிப்பவர் கையில் தாளைக் கொடுத்து என்ன பயன், அதனால் காதில் விழும்படி நிதானமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். தர்த், தவா இரண்டிலும் வரும் த 'பந்து' என்பதில் வரும் து போல மென்மையாக இருக்கட்டும். மற்றபடி உச்சரிப்பு கொஞ்சம் கோணலானாலும் புரிந்துகொள்வார்கள். வயது எதுவானாலும் 'ஆப்' தான், 'தும்' வேண்டாம்.

முதலில்

நான் உங்கள் நர்ஸ் → மைன் ஆப்கீ நர்ஸ் ஹூன்
முழுப் பெயர் சொல்லுங்க → ஆப்கா பூரா நாம் பதாயியே
வயசு என்ன? → உமர் கித்னீ ஹை?
மருந்து சாப்பிட்டு எப்பவாவது அரிப்போ வீக்கமோ வந்திருக்கா? → தவா காகர் கபீ குஜ்லீ யா ஸூஜன் ஹுயீ?
ஸ்கிரீன் போடட்டுமா? → பர்தா லகா தூன்?
பயப்படாதீங்க, இங்கதான் இருக்கேன் → கப்ராயியே மத், மைன் யஹீன் ஹூன்

பெயரை நீங்கள் சொல்லி "ஆமாவா?" என்று கேட்காதீர்கள். மொழி தெரியாத ஊரில் படுத்திருப்பவர் எதைக் கேட்டாலும் "ஹான் ஜீ" என்பார். அவர் வாயால் வரவழைத்து, கைப்பட்டையில் உள்ள ஐ.பி. எண்ணோடு ஒத்துப் பாருங்கள். கட்டில் எண்ணை நம்ப வேண்டாம், கட்டில் மாறும். தலையாட்டலையும் நம்ப வேண்டாம், 'ஹான்' (ஆமாம்) அல்லது 'நஹீன்' (இல்லை) என்று வாய்ச்சொல்லாகவே கேட்டு வாங்குங்கள்.

வலி

எங்கே வலி? விரல் வைத்துக் காட்டுங்க → தர்த் கஹான் ஹை? உங்க்லீ ரக்கர் திகாயியே
எப்பத்திலிருந்து? → கப் ஸே?
எவ்வளவு வலி? ஸீரோ என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியலை → கித்னா தர்த் ஹை? ஸீரோ மத்லப் பில்குல் நஹீன், தஸ் மத்லப் பர்தாஷ்த் நஹீன் ஹோதா
ஊசி போட்டதுக்கு அப்புறம் குறைஞ்சுதா? → ஸூயீ கே பாத் கம் ஹுவா?

எண்கள்: ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, ஸாத், ஆட், நௌ, தஸ். விரலையும் மடக்கிக் காட்டிக்கொண்டே கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் 'தோடா' (கொஞ்சம்), 'பஹுத்' (ரொம்ப) போதும், கேஸ் ஷீட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள், நீங்களாக ஆறு ஏழு என்று போட வேண்டாம்.

அவர் சொன்னால் காதில் விழ வேண்டியவை

ஸீனே மே தர்த்: நெஞ்சு வலி
ஸான்ஸ் லேனே மே தக்லீஃப், ஸான்ஸ் பூல் ரஹீ ஹை: மூச்சுத் திணறல்
கூன்: ரத்தம்
சக்கர்: தலைசுற்றல்
பஸீனா: வியர்வை
உல்டீ: வாந்தி
தஸ்த்: பேதி
பேஷாப்: சிறுநீர்
ஜலன்: எரிச்சல்
புகார்: காய்ச்சல் (யார் மேலும் கம்ப்ளெயின்ட் இல்லை, தெர்மாமீட்டரை எடுங்கள்)

முதல் மூன்றில் எது கேட்டாலும் மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டாம், டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளி 'சக்கர்', 'பஸீனா' என்றாலோ, கை நடுங்கினாலோ உடனே குளுக்கோமீட்டர், 70க்குக் கீழே இருந்தால் வார்டு நடைமுறைப்படி செய்யுங்கள். பேச்சு குழறினால் மொழிப் பிரச்சினை என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது, நமக்கு அவர் பேச்சு எப்போதுமே குழறலாகத்தான் கேட்கும். ஆகவே சிரிக்கச் சொல்லுங்கள், முஸ்குராயியே. இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், தோனோன் ஹாத் உடாயியே. வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை தாழ்ந்தாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே தகவல் கொடுங்கள்.

வேலை நடக்கும்போது

கொஞ்சம் குத்தும் → தோடா சுபேகா
கையை மூடுங்க → முட்டீ பந்த் கீஜியே
அசையாதீங்க → ஹிலியே மத்
ஒருக்களித்துப் படுங்க → கர்வட் லீஜியே
நல்லா மூச்சு இழுங்க → லம்பீ ஸான்ஸ் லீஜியே
தனியா எழுந்திருக்காதீங்க, பெல் அடிங்க → அகேலே மத் உடியே, கண்டீ தபாயியே

ரத்தம் ஏற்றும்போது, முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருந்தபடி: குளிர் எடுத்தால், அரித்தால், மூச்சு வாங்கினால், இடுப்பு வலித்தால் உடனே கூப்பிடுங்க → தண்ட் லகே, குஜ்லீ ஹோ, ஸான்ஸ் பூலே, கமர் மே தர்த் ஹோ, துரந்த் புலாயியே

ஆபரேஷனுக்கு முன்னால்

எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணி கூடாது, டீயும் கூடாது, நான் சொல்ற வரைக்கும் → குச் மத் காயியே, பானீ பீ நஹீன், சாய் பீ நஹீன், ஜப் தக் மைன் ந போலூன்

டீயைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் வைப்பதில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றும் கேளுங்கள்: ஆகிரீ பார் கப் காயா?

'கல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். "கல் ஆபரேஷன்", "கல் மாத்திரை சாப்பிட்டேன்" எல்லாம் குழப்பத்தில் போய் முடியும். கிழமையைச் சொல்லுங்கள், திங்களிலிருந்து வரிசையாக: ஸோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், ஷுக்ரவார், ஷனிவார், ரவிவார். இன்று என்றால் ஆஜ்.

சம்மதப் படிவத்துக்கு இந்தத் தாள் போதாது. பக்கத்துக் கட்டில்காரர், கூட வந்த சின்னப் பையன், வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரி, இவர்கள் யாரும் நடுவில் நின்று அதை விளக்கக் கூடாது. இந்தி நன்றாகத் தெரிந்த ஊழியர் வரும்வரை இப்படிச் சொல்லிக் காத்திருங்கள்: ருகியே, ஹிந்தி ஜான்னேவாலே கோ புலாதீ ஹூன். பிரதர்கள் 'புலாதா' என்று சொல்ல வேண்டும்.

அட்மிஷன் அன்றே அவருக்குச் சொல்லிக் கொடுக்க

நோயாளி தமிழில் சொல்ல ஐந்தே ஐந்து. நீங்கள் சொல்லி, நடித்துக் காட்டி, அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். ராத்திரி டியூட்டியில் இந்தத் தாள் யார் பாக்கெட்டிலும் இல்லாமல் போனாலும் இது கைகொடுக்கும்.

சிஸ்டர், வாங்க (ஸிஸ்டர், ஆயியே)
வலிக்குது (தர்த் ஹோ ரஹா ஹை)
மூச்சு முட்டுது (ஸான்ஸ் பூல் ரஹீ ஹை)
தண்ணி (பானீ)
பாத்ரூம் போகணும் (பாத்ரூம் ஜானா ஹை)

வீட்டுக்கு அனுப்பும்போது

காலை, மதியம், இரவு → ஸுபஹ், தோபஹர், ராத்
சாப்பாட்டுக்கு முன் / பின் → கானே ஸே பஹலே / கானே கே பாத்
ஒரு மாத்திரை → ஏக் கோலீ
இப்ப நீங்க சொல்லுங்க, மருந்து எப்படிச் சாப்பிடுவீங்க? → அப் ஆப் பதாயியே, தவா கைஸே லேங்கே?

"புரிஞ்சுதா" என்று கேட்டால் புரிந்தது என்றுதான் பதில் வரும், ஆகவே கடைசி வரியைக் கட்டாயம் கேட்டு, மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தையல் போட்ட இடம் சிவந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் உடனே திரும்பி வாங்க → டாங்கா லால் ஹோ, பீப் ஆயே, புகார் ஆயே, தோ துரந்த் வாபஸ் ஆயியே