மீன் உறைநிலை அறை: இயக்குபவர் கையேடு

அறை 4 × 3 மீட்டர், உயரம் 2.6 மீட்டர். ஏற்கெனவே உறைந்த மீனைச் சேமிக்க மட்டும். ஆங்கிலக் கையேட்டின் தமிழாக்கம் இது. கன்ட்ரோலர் திரையில் தெரியும் எழுத்துகள் மாற்றாமல் தரப்பட்டுள்ளன.

செட் பாயின்ட்

செட் பாயின்ட் -20 °C. `Hy` அளவு 2. அறைக்காற்று -18-க்கு ஏறினால் கம்ப்ரசர் ஓடும், -20-க்கு இறங்கினால் நிற்கும். மாற்ற வேண்டுமானால் `SET` பொத்தானை எண் மினுக்கும் வரை அழுத்திப் பிடித்து, அம்புப் பொத்தானால் எண்ணை மாற்றி, மீண்டும் `SET` அழுத்தவும்.

சரக்கு வந்த அன்று "சீக்கிரம் குளிரட்டும்" என்று -28 வைப்பது பல இடங்களில் உள்ள பழக்கம். அதனால் பயனில்லை. கம்ப்ரசருக்கு இருப்பது ஒரே வேகம். எண்ணைக் குறைத்தால் வேகமாகக் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். காயிலில் பனி கட்டும், கரன்ட் பில் ஏறும். உறையாத மீனை இந்த அறையில் ஏற்றவே கூடாது. அது மெதுவாக உறைந்து சதை கெடும், பக்கத்துப் பெட்டிகளையும் சூடாக்கும்.

பெட்டிகளைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, தரையில் பேலட் மேல் அடுக்கவும். விசிறிக்கு முன்னால் அரை மீட்டர் இடம் விடவும்.

டிஃப்ராஸ்ட்

6 மணி நேரத்துக்கு ஒருமுறை (`IdF`) தானாகத் தொடங்கும். கம்ப்ரசரும் விசிறியும் நிற்க, காயிலில் உள்ள மூன்று ஹீட்டர்கள் எரியும். காயில் சென்சார் 8 °C (`dtE`) காட்டியதும் ஹீட்டர் அணையும். சென்சார் பழுதானாலும் 30 நிமிடத்தில் (`MdF`) அணைந்துவிடும். பிறகு 3 நிமிடம் (`Fdt`) தண்ணீர் வடியக் காத்திருந்து கம்ப்ரசர் ஓடும். விசிறி மட்டும் காயில் -5-க்குக் கீழே இறங்கிய பிறகே சுற்றும். இல்லையென்றால் மிச்ச ஈரத்தை மீன் மேலேயே ஊதிவிடும். ஆகவே கம்ப்ரசர் ஓடி விசிறி சுற்றாமல் இருக்கும் அந்தச் சில நிமிடம் பழுதல்ல. திரையில் `dEF` இருக்கும்போது கதவைத் திறக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் முழுக்க எடுத்தால் ஹீட்டர் ஒன்று போயிருக்கலாம். எலெக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரால் பார்க்கட்டும். 230 வோல்ட்டில் ஒரு 1,000 வாட் ஹீட்டர் 4.3 ஆம்பியர் இழுக்கும். மூன்றும் சேர்ந்து சுமார் 13. மீட்டர் 8.7 காட்டினால் ஒன்று எரிந்துவிட்டது.

பனி எங்கே கட்டுகிறது என்பதே பாதி விடை. காயில் முழுக்க ஒரே அளவில் என்றால் கதவைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஹீட்டர். தட்டில் கட்டினால் வடிகால் குழாயின் ஹீட்டர் அல்லது அடைப்பு. வால்வை ஒட்டிய சில குழாய்களில் மட்டும் பனி, மற்றவை காய்ந்திருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு.

பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தாதீர்கள். குழாய் ஓட்டையானால் கேஸ் முழுவதும் போய்விடும். டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கையால் ஒரு சுற்றைத் தொடங்கலாம்.

கதவு ரப்பர்

வாரம் ஒருமுறை காகிதச் சோதனை. ஒரு தாள் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி இழுக்கவும். இறுகப் பிடித்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கசிவு. நான்கு பக்கமும், குறிப்பாகக் கீழ் மூலைகளில், பார்க்கவும். தள்ளுவண்டி இடித்து முதலில் கிழிவது அங்கேதான்.

சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு மூடவும். தின்னர், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். புது ரப்பர் மடிந்து வந்தால் வெந்நீரில் போட்டு நிமிர்த்திய பிறகு பொருத்தவும். ரப்பர் சட்டத்தோடு உறைந்து ஒட்டினால், இழுத்துக் கிழிக்காமல், சட்டத்துக்குள் உள்ள ஹீட்டரைச் சோதிக்கவும். சட்டத்தைத் தொட்டால் இளஞ்சூடு தெரிய வேண்டும்.

கதவை மூடியதும் உள்ளே புகுந்த வெளிக்காற்று சுருங்கி, கதவை உள்ளே இழுக்கும். அதைச் சரிசெய்வது சுவரிலுள்ள அழுத்த வால்வு. அதில் பனி அடைத்தால் கதவு திறக்காது. பேனலே வளையவும் கூடும். உள்ளிருந்து திறக்கும் பச்சைக் குமிழைத் தினமும் காலையில், வெளியே ஒருவர் நிற்க, அழுத்திப் பார்க்கவும். அது வேலை செய்யாத அறைக்குள் யாரும் போகக்கூடாது.

திரையில் எச்சரிக்கை

`HA`: அறை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. முதலில் கதவு, பிறகு விசிறி, பிறகு மெயின் சுவிட்ச் என்ற வரிசையில் பார்க்கவும். `P1`: அறை சென்சார் பழுது, கம்ப்ரசர் நேரக்கணக்கில் ஓடும், ஆகவே சாதா தெர்மாமீட்டரை உள்ளே வைத்து மணிக்கொருமுறை குறித்துக்கொண்டு மெக்கானிக்கை அழைக்கவும். `P2`: காயில் சென்சார் பழுது, அன்றே மாற்றவும். கரன்ட் போய் வந்தால் கம்ப்ரசர் 3 நிமிடம் கழித்தே ஓடும். அதற்குள் சுவிட்சை அணைத்துப் போட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.