பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, என்னுடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, சம்பா அறுவடை நடக்கும் இந்த நாட்களில் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறேன். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500க்கு 487 மதிப்பெண் பெற்ற மாணவி இதே பள்ளியில் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறார். தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் நம் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். இவர்களுக்கு இன்று பரிசு உண்டு. அந்த மதிப்பெண்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் அறிவேன். அதைக் குறைத்துப் பேசுவதற்காக இந்த மேடைக்கு வரவில்லை.

ஆனாலும் இந்த ஆண்டு பரிசுப் பட்டியலில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். வழக்கமாக வகுப்புக்கு மூவர் என்று முதல் மூன்று இடங்களை மட்டும் அழைப்போம். இம்முறை அவர்களுடன் இன்னும் பதினொரு பேரை அழைக்கப் போகிறோம். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தேர்விலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர்கள் அல்லர். ஜூன் மாதத்திலேயே வகுப்பாசிரியர்களிடம் ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்து, வகுப்பில் தாங்கள் கண்டதைத் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் குறிப்பேடுகளைப் படித்துத்தான் பட்டியலை முடிவு செய்தோம். இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று யாரும் எண்ண வேண்டாம். பதினொருவரைத் தேர்ந்தெடுக்க ஆசிரியர்கள் இரண்டு நாள் மாலை உட்கார்ந்து வாதிட்டார்கள்.

அந்தக் குறிப்பேடுகளில் ஒன்றில் வேதியியல் ஆசிரியை எழுதியிருந்ததை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை வகுப்பில் தரம் பார்த்தல் நடக்கிறது. பிப்பெட்டால் 20 மில்லிலிட்டர் இரும்பு உப்புக் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் அந்த ஒரு சொட்டில் அளவைக் குறிக்க வேண்டும். அன்று மேசைக்கு மேசை எல்லோருக்கும் 19.6 என்று வருகிறது. சிலருக்கு உண்மையிலேயே வந்தது. சிலருக்குப் பக்கத்து மேசையிலிருந்து வந்தது. (நானும் ஒரு காலத்தில் மாணவனாக இருந்தவன்தான்.) ஒரு மாணவியின் ஏட்டில் மட்டும் 21.2, 20.8, 21.0 என்று மூன்று அளவுகள். அடித்துத் திருத்தவில்லை. அருகில் இருந்த தோழி, “பேசாமல் 19.6 என்று போட்டுவிடு” என்று சொன்னதை ஆசிரியையே கேட்டிருக்கிறார். அந்த மாணவி ஆசிரியையிடம் போய், “எனக்கு இதுதான் டீச்சர் வருகிறது, எங்கே தவறு செய்கிறேன் என்று தெரியவில்லை” என்று சொன்னார்.

ஆசிரியை அருகில் நின்று மீண்டும் செய்யச் சொன்னபோது தவறு பிடிபட்டது. கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டுமே கழுவ வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் இரும்பு உப்புக் கரைசலாலேயே அலசியிருக்கிறார். குடுவைச் சுவரில் ஒட்டி நின்ற கரைசலும் கணக்கில் சேர்ந்துகொண்டதால் பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவானது. அன்றைய செய்முறைக்கு அவருக்கு மதிப்பெண் குறைவுதான்; ஆசிரியை அதைக் கூட்டிப் போடவில்லை, அதுவும் சரியே. ஆனால் பியூரெட்டையும் பிப்பெட்டையும் உரிய கரைசலால் அலசுகிறோம், குடுவையை ஏன் அவ்வாறு அலசக் கூடாது என்று காரணத்தோடு சொல்லக்கூடியவர் இன்று அந்த வகுப்பில் யார் என்று கேட்டால் எல்லோரும் அவரைத்தான் காட்டுவார்கள். 19.6 என்று பார்த்து எழுதியவர்களில் இதே தவறைச் செய்தவர் எத்தனை பேர் என்பது அவர்களுக்கே தெரிய வாய்ப்பில்லை.

இன்னொரு பரிசு ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு. செங்கல் சூளை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அந்த வகுப்பில் சேர்ந்தார். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. நம் மாணவர் யாரும் சொல்லாமலே மதிய உணவுக்குப் பின் வேப்பமரத்தடியில் அவரை உட்கார வைத்து, முதலில் ட, ப, ம என்று எளிய எழுத்துகளைத் தொடங்கி, ழகரத்துக்கு மட்டும் ஒரு வாரம் செலவழித்தார். அந்த ஒரு வாரத்தில் தன் கணக்கு வீட்டுப்பாடத்தை இரண்டு நாள் முடிக்காமல் வந்து திட்டும் வாங்கினார்; காரணத்தைச் சொல்லவே இல்லை. பிறகு அந்த ஒடிசா மாணவர் காலை வணக்கக் கூட்டத்தில் செய்தித்தாளின் தலைப்புச் செய்தியைத் தமிழில் வாசித்த அன்றுதான் எங்களுக்கு விவரம் தெரிந்தது.

மற்ற ஒன்பது பேரின் கதைகளையும் சொல்ல ஆசைதான், நேரம் இல்லை. காலாண்டில் கணிதத்தில் 17 வாங்கி, அரையாண்டில் 38 வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். முதல் இடத்துக்கு அது எட்டாத தொலைவு. ஆனால் 17லிருந்து 35ஐத் தாண்டுவதற்கு ஒரு பிள்ளை எத்தனை மாலைகளைச் செலவழிக்க வேண்டும் என்பது இருபத்தாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்த எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் என் மீதும் ஒரு குறை சொல்லிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்டத் தரவரிசையை அறிவிப்பது நிறுத்தப்பட்டது. அறிவிப்பு நின்றதே தவிர, எங்கள் மனத்தில் இருந்த வரிசை நிற்கவில்லை. கணித ஆசிரியராக இருந்த காலத்தில் 90க்கு மேல் வாங்குபவர்களின் பெயர்களையும், தோற்றுவிடுவார்களோ என்று பயந்த சிலரின் பெயர்களையும் நான் மறந்ததில்லை. நடு பெஞ்சில் 55ம் 60ம் வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்துபோன பலரின் பெயர்கள் எனக்கு நினைவில் இல்லை. கடைத்தெருவில் பார்த்து “சார், வணக்கம்” என்று அவர்கள் சொல்லும்போது விழிக்கிறேன். அந்தக் குறிப்பேட்டு யோசனை அப்படி ஒரு வணக்கத்திலிருந்துதான் பிறந்தது.

பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று பரிசு வாங்காத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது, “அந்தப் பிள்ளை வாங்கியதே, உனக்கு என்ன கேடு?” என்று கேட்க வேண்டாம். இந்த ஆண்டு என்ன செய்ய முயன்றாய் என்று கேளுங்கள். பதில் உடனே வராது, காத்திருந்து கேளுங்கள்.

மாணவர்களே, பரிசுக்குரியவர்களை இன்று மதிப்பெண் வரிசைப்படி அழைக்கப் போவதில்லை. பெயரின் அகர வரிசைப்படி அழைப்போம். எனவே எவர் எதற்காக வாங்குகிறார் என்பதை உதவித் தலைமையாசிரியர் வாசிக்கும்போது கவனமாகக் கேளுங்கள். எல்லோருக்கும் பரிசு புத்தகம்தான். எவர்சில்வர் தட்டு இந்த ஆண்டு இல்லை. அழைக்கப்படுபவர்கள் மேடையின் இடப்பக்கப் படி வழியாக ஏறி வாருங்கள். வலப்பக்கப் படியில் ஒரு கல் ஆடுகிறது.

பரிசுகளை வழங்கிச் சிறப்பிக்குமாறு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.