வியாழன் முதல் திங்கள் வரை: பையில் என்ன, வீட்டில் விட வேண்டியது என்ன

மக்கா, நீங்கள் எங்கள் ஊருக்கு வரும் நாட்களுக்கு நீ அனுப்பிய வானிலை ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து நாளில் மூன்று நாள் மேகமும் மின்னலுமாகப் படம் போட்டிருக்கிறது என்று பயந்து ஆளுக்கொரு பெட்டி கட்டாதே. அந்தப் படம் சொல்லுவது வேறு, நாம் நிற்கப்போகும் இடங்கள் வேறு.

முதலில், மேலே ஊர்ப்பெயர் கன்னியாகுமரி என்று இருக்கிறது. அது கடல் முனை. நாம் அங்கே ஒரே ஒரு காலைதான் இருக்கப்போகிறோம். ராத்திரி தூங்குவது நாகர்கோவிலில் என் வீட்டில், வெள்ளிக்கிழமை போவது திற்பரப்பு அருவிக்கு. முனையில் தூறல் விழும் நாளில் மலைப்பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டும், இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் திற்பரப்பு என்று தட்டி இன்னொரு படமும் எடுத்து அனுப்பு.

அப்புறம் சனிக்கிழமைக்கு 80% என்று இருக்கிறதே, அது மழை வருவதற்கான வாய்ப்பு மட்டும்தான். 80 சதவீத நேரம் மழை என்றோ பெரிய மழை என்றோ அர்த்தம் இல்லை. எவ்வளவு பெய்யும் என்பது மி.மீ. கணக்கில் கீழே இருந்திருக்கும், அதை நீ வெட்டிவிட்டாய். ஒரு நாளில் 64.5 மி.மீ.க்கு மேல் போனால்தான் வானிலைத் துறை கனமழை என்று சொல்லும். 10, 15 என்று இருந்தால் அது தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி தொடங்குவதற்கு முந்தைய சாதாரண மழை, டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

நீ கவனிக்காமல் விட்டது காற்று. வியாழன் மணிக்கு 22 கி.மீ., சனி 35 கி.மீ. இதனால் திட்டத்தையே கொஞ்சம் மாற்றிவிட்டேன். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடமாட்டார்கள், அதனால் படகை வியாழக்கிழமை காலையிலேயே முடித்துவிடலாம். திற்பரப்பை ஞாயிற்றிலிருந்து வெள்ளிக்கு இழுத்துவிட்டேன். சனிக்கிழமை மழை பெய்து தண்ணீர் பெருகினால் ஞாயிறு குளிக்க விடாமல் போகலாம். சனிக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை, மழை பெய்தாலும் கூரைக்குக் கீழேதான் நடப்போம். திங்கள் அரண்மனை மூடியிருக்கும், அதனால் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளவும் முடியாது. ஞாயிறு மாத்தூர் தொட்டிப்பாலம், வானம் விட்டால் மட்டும்.

இனி பட்டியல். அம்மா, நீங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் என்று கணக்கு.

துணி
- ஆளுக்கு நான்கு செட், அதற்கு மேல் வேண்டாம். எல்லாம் மெல்லிய பருத்தி, இல்லை சீக்கிரம் காயும் துணி. ஈரப்பதம் 84% என்று படத்தில் இருக்கிறதே, அதைப் பார்த்தாயா? ஜீன்ஸ் நனைந்தால் திங்கள் வரை காயாது. ரயிலில் போட்டு வரும் ஒன்றோடு நிறுத்திக்கொள்.
- ஸ்வெட்டர் எதுவும் வேண்டாம். குறைந்தபட்சமே 25 டிகிரி. ரயிலில் ஏசி குளிரும் என்றால் அம்மாவுக்கு ஒரு சால்வை போதும்.
- அருவிக்கு: ஆளுக்கு ஒரு பழைய செட் துணி, தனிக் கட்டாக. உள்ளாடை இரண்டு கூடுதலாக.
- துவர்த்து ஆளுக்கு ஒன்று. தடித்த டவல் இங்கே காயவே காயாது, வேண்டுமானால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.
- வேட்டி ஒன்று, உனக்கு. சுசீந்திரத்திலும் பகவதியம்மன் கோயிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

மழைக்கும் காற்றுக்கும்
- ரெயின்கோட்: பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, உங்களுக்கு ஆளுக்கொன்று. இது கட்டாயம்.
- குடை மொத்தமே இரண்டு. போன தடவை முனையில் நான் விரித்த குடை ஒரே நொடியில் தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி மலர்ந்து, கம்பி இரண்டு கழன்று போனது. கடற்கரைக்கும் தொட்டிப்பாலத்துக்கும் குடையே எடுக்காதே. 115 அடி உயரத்தில் நடக்கும்போது பிள்ளையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். குடை அரண்மனை வாசலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும்தான்.
- தொப்பி என்றால் தாடைக்குக் கீழே கட்டும் கயிறு உள்ளது. சும்மா தலையில் வைக்கும் தொப்பியைக் கடலுக்குக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டியதுதான்.
- பிளாஸ்டிக் கவர் ஏழெட்டு, ஈரத்துணிக்கும் போனுக்கும். பழைய அரிசிப் பை கிடந்தால் அதுவே நல்லது.

காலுக்கு
இதில்தான் எல்லாரும் தப்பு செய்வார்கள். ஷூ வேண்டவே வேண்டாம். பாறையில் கழற்ற வேண்டும், கோயிலில் கழற்ற வேண்டும், அரண்மனையில் கழற்ற வேண்டும். மழையில் நனைந்த லேஸை நாலு இடத்தில் அவிழ்த்துக் கட்டுவதற்குள் நாளே போய்விடும். பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி. அருவிப் பாறை பாசி பிடித்து வழுக்கும், அம்மாவின் தேய்ந்துபோன செருப்பை மாற்றி, அடியில் வரி உள்ளதாக வாங்கிவிடு. வாங்கியதை ஊரிலேயே இரண்டு நாள் போட்டு நடக்கச் சொல், கடிக்காமல் இருக்கும்.
வியாழன் அதிகபட்சம் 32 டிகிரிதான், ஆனால் உணர்வது 38 என்று பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கிறது பார். போன வருஷம் பதினொரு மணிக்குப் பாறையில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து நடந்தவள் நான். ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் கைப்பையில் இருக்கட்டும். காலை முதல் படகுகளில் ஏறிவிட்டால் அதுவும் தேவைப்படாது.

மருந்து, மற்றது
- அம்மாவின் பிரஷர் மாத்திரை ஏழு நாளைக்கு. ஐந்து நாளைக்கு எண்ணி வைக்காதே.
- சின்னவளுக்கு வாந்தி மாத்திரை, திற்பரப்பு ரோட்டில் வளைவு அதிகம்.
- சன்ஸ்கிரீன் ஒன்று, வியாழனுக்கும் வெள்ளிக்கும். மேகம் இருந்தாலும் கடல்பக்கம் முகம் கருக்கும்.
- பவர் பேங்க் ஒன்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, டார்ச் வேண்டாம்.
- தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று, அசல் ஆதார் அட்டைகள்.

சோப்பு, எண்ணெய், பெட்ஷீட், கொசுவர்த்தி, ஹேர் டிரையர் எல்லாம் இங்கே இருக்கிறது. அந்த டிரையர்தான் மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பள்ளிக்கூட யூனிபாரத்தையே காயவைக்கிறது.

கடைசியாக ஒன்று. நீ எடுத்தது ஞாயிற்றுக்கிழமைப் படம். அதில் வியாழனையும் வெள்ளியையும் ஓரளவு நம்பலாம். ஞாயிறு, திங்கள் கட்டங்கள் அதற்குள் இரண்டு தடவையாவது மாறும். புதன் சாயங்காலம் ரயில் ஏறப் புறப்படும் முன் மறுபடி ஒரு படம் எடு, வெட்டாமல் முழுசாக, மி.மீ.யும் காற்றும் தெரிகிற மாதிரி. வியாழக்கிழமைக் காற்று 35ஐத் தாண்டினால் படகை மறந்துவிட்டு நேரே சுசீந்திரம் போவோம். வெள்ளிக்கு மலைப்பக்கம் கனமழை என்று வந்தால் அருவிக்கான துணிக்கட்டைப் பையிலிருந்து எடுத்துவிடு, இடம் மிச்சம்.

மிச்சமாகும் இடத்தில் வேறெதையும் திணிக்காதே. பெரிய பையில் பாதியும், ஒரு துணிப்பை முழுசும் காலியாக வர வேண்டும். மட்டிப்பழம் ஒரு தார் சொல்லி வைத்திருக்கிறேன், ஏத்தங்காய் சிப்ஸ் திங்கட்கிழமை காலை சூடாக வாங்கலாம். அம்மாவிடம் சொல்லாதே, அவள் அதற்கும் சேர்த்து ஒரு டப்பா எடுத்து வருவாள்.