கவர் லெட்டர் மதிப்பீடு: கடிதம் 7, கணக்கு உதவியாளர் வேலை, பீன்யா

பெங்களூரு, ஸ்ரீராமபுரம் வேலைவாய்ப்புப் பயிலரங்கம், இரண்டாம் அமர்வு

விண்ணப்பிக்கும் வேலை: பீன்யா தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர். விளம்பரம் கேட்பவை: பி.காம்., 1 முதல் 3 வருட அனுபவம், டேலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தயாரிப்பு, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி-யோடு கொள்முதலை ஒத்துப்பார்த்தல், சப்ளையர்களிடம் கன்னடத்தில் பேசும் திறன், 30 நாளுக்குள் சேர முடிவது, எதிர்பார்க்கும் சம்பளம்.

மதிப்பெண்: குவிவு 2/5, சான்று 4/10, தொனி 3/5, பொருத்தம் 5/10. மொத்தம் 14/30.

மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் வேலை தெரியாதது அல்ல. இந்த வேலைக்கு வேண்டியது கிட்டத்தட்ட எல்லாமே உங்களிடம் இருக்கிறது. கடிதம் அதை நான்காவது பத்தியில் புதைத்து வைத்திருக்கிறது. விளம்பரத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால், படிப்பவர் நான்காவது பத்தி வரை வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

குவிவு

முதல் பத்தி முழுவதும் எங்கே பிறந்தீர்கள், எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எத்தனை சதவீதம் என்று போகிறது. இவை ரெஸ்யூமில் இருக்கின்றன. கடிதம் ஒன்றேகால் பக்கம் ஓடுகிறது. முக்கால் பக்கத்துக்குள் முடியுங்கள். பிறந்த ஊர், பொழுதுபோக்கு, கடைசியில் உள்ள 'ஐ ஹியர்பை டிக்ளேர்' உறுதிமொழி மூன்றையும் அப்படியே எடுத்துவிடலாம். உறுதிமொழியை யாராவது தனியாகக் கேட்டால் அது ரெஸ்யூமின் அடியில் போகும்.

சான்று

இதில்தான் அதிகம் இழந்திருக்கிறீர்கள், அதிகம் சம்பாதிக்கக்கூடியதும் இதில்தான். 'ஜி.எஸ்.டி.யில் நல்ல அனுபவம் உண்டு', 'டேலியில் வல்லவர்', 'கடின உழைப்பாளி' என்று மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. இந்த அமர்வுக்கு வந்த மற்ற கடிதங்களிலும் இவை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி போடுங்கள்: என்ன செய்தேன், எவ்வளவு, அதனால் என்ன ஆயிற்று.

உங்கள் ரெஸ்யூமின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: ஒரு வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒத்துப்பார்த்து, சப்ளையர்கள் ஏற்றாமல் விட்ட பில்களைக் கண்டுபிடித்து, கொள்முதலில் கட்டிய ரூ. 1,84,000 உள்ளீட்டு வரியை மீட்டுத் தந்தது. கடிதத்தில் இது 'ரீகன்சிலியேஷன் வேலையும் பார்த்திருக்கிறேன்' என்று சுருங்கிவிட்டது. 2022 ஜனவரி முதல், 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. சப்ளையர் தன் ரிட்டர்னில் பில்லை ஏற்றாவிட்டால், வாங்கிய நிறுவனத்தின் பணம் மாட்டிக்கொள்ளும். நூறு சப்ளையரிடம் பொருள் வாங்கும் உதிரிபாக நிறுவனத்துக்கு மாதாமாதம் வரும் தலைவலி இது. அந்த வரியைக் கடிதத்தின் முதல் பத்திக்குக் கொண்டு வாருங்கள்.

அடுத்து ஓர் எச்சரிக்கை. '18 வாடிக்கையாளருக்கு ஜி.எஸ்.டி. ஃபைல் செய்தேன்' என்கிறீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளர் ரிட்டர்னைத் தயார் செய்வார், ஆடிட்டர் பார்த்து ஒப்புதல் தருவார், ஓ.டி.பி. வாடிக்கையாளரின் போனுக்குப் போகும். நீங்கள் செய்தது தயாரிப்பு என்றால் 'தயாரித்தேன்' என்றே எழுதுங்கள். நேர்காணலில் ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்னின் நான்காவது அட்டவணையில் எந்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி போதும், கூட்டிச் சொன்னது வெளியே வந்துவிடும். பிறகு உண்மையாகச் செய்த மற்ற வேலையையும் நம்ப மாட்டார்கள். வாடிக்கையாளர்களின் பெயரையும் எடுங்கள். அடுத்தவர் கணக்கை வெளியே பேசும் ஆளை எந்தக் கணக்குப் பிரிவும் எடுக்கத் தயங்கும். 'உதிரிபாக வியாபாரி ஒருவர்' என்றால் போதும்.

நான்கு மதிப்பெண் கிடைத்ததற்குக் காரணம் இந்த வாக்கியம்: '10ஆம் தேதிக்குள் விற்பனை பில் வராவிட்டால் நானே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு வாங்கிவிடுவேன்.' விற்பனை பில்களை ஏற்றும் மாதாந்தர ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11. வேலையை உள்ளே இருந்து செய்தவர் எழுதும் வாக்கியம் இது. தொடாதீர்கள்.

தொனி

'ரெஸ்பெக்டட் சார்/மேடம்', 'ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்', 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' எல்லாம் அரசு அலுவலக மனுவின் மொழி. விளம்பரத்தில் பெயர் இல்லாததால் 'டியர் ஹயரிங் மேனேஜர்' என்று தொடங்குங்கள். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டைத் தாங்க இந்த வேலை அவசியம் என்ற பத்தியை எடுக்கச் சொல்வது எனக்கு எளிதல்ல. அது உண்மை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு செய்பவர் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. படித்துவிட்டுச் சங்கடப்படுவார், அவ்வளவுதான். மற்றபடி உங்கள் நடை அமைதியாக இருக்கிறது, பெருமை அடிக்கவில்லை. 3 அதற்குத்தான்.

பொருத்தம்

விளம்பரத்தை எடுத்து, கேட்டிருப்பவற்றை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டுக் கடிதத்தோடு ஒப்பிட்டேன். பி.காம்., அனுபவம், டேலி, ரிட்டர்ன், 2பி ஐந்தும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. சேரும் நாளும் சம்பளமும் இல்லவே இல்லை. விளம்பரம் நேரடியாகக் கேட்டதற்குப் பதில் இல்லையென்றால், விளம்பரத்தைப் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். இப்போதைய அலுவலகத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, 'இத்தனை நாளில் சேர முடியும்' என்று ஒரு வரி எழுதுங்கள். சம்பளத்தை ஒரு வரம்பாகச் சொல்லுங்கள், மாதத்துக்கா வருடத்துக்கா என்பதும் தெரிய வேண்டும்.

கன்னடம் பற்றி 'கற்றுக்கொள்ள ஆர்வமாக இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அமர்வில் பேசியபோது ஸ்ரீராமபுரத்திலேயே வளர்ந்தவர், கன்னடம் சரளமாகப் பேசுவீர்கள், எழுத்து மட்டும் மெதுவாக வரும் என்று தெரிந்தது. விளம்பரம் கேட்பது பேச்சுதான். இருப்பதை இல்லாததுபோல் எழுதி மதிப்பெண்ணை விட்டிருக்கிறீர்கள். 'பேசுவேன், ஓரளவு படிப்பேன்' என்று சரியாகச் சொல்லுங்கள். ஒத்துப்பார்த்த கதையில் சப்ளையர்களைக் கன்னடத்தில் பேசிப் பில் ஏற்ற வைத்தீர்கள் என்றால் அதையும் அங்கேயே சேருங்கள். ஒரே வாக்கியம் இரண்டு தேவைக்குப் பதிலாகிவிடும்.

திருத்திய முதல் பத்தி

பொருளைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் உங்கள் சொற்களில் எழுதுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்:

'பீன்யா கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஆடிட்டர் அலுவலகத்தில் 18 வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி ரிட்டர்ன்களை டேலி பிரைமிலிருந்து தயாரித்து வருகிறேன். உதிரிபாக வியாபாரி ஒருவரின் கொள்முதலை 2பி-யோடு ஒத்துப்பார்த்தபோது விடுபட்ட பில்களைக் கண்டேன். சப்ளையர்களிடம் கன்னடத்தில் பேசி அவற்றை ஏற்ற வைத்ததில் ரூ. 1,84,000 உள்ளீட்டு வரி கிடைத்தது.'

கன்னடத்தில் பேசியது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நடக்கவில்லையென்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு இரண்டே பத்திகள்: 10ஆம் தேதி வாக்கியம் உள்ள பத்தி ஒன்று, சேரும் நாள், சம்பளம், தொலைபேசி எண் உள்ள பத்தி ஒன்று. பி.டி.எஃப்-ஆக அனுப்புங்கள். கோப்பின் பெயர் இப்போது 'ரெஸ்யூம் ஃபைனல் 3' என்று இருக்கிறது. உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வரட்டும். திருத்திய கடிதத்தை விளம்பரத்தின் அச்சுப் பிரதியோடு வியாழக்கிழமை மாலைக்குள் கொடுத்தால், சான்றையும் பொருத்தத்தையும் மட்டும் மறுபடி மதிப்பிட்டு வெள்ளிக்கிழமை திருப்பித் தருகிறேன். விளம்பரத்தின் கடைசி நாள் சனிக்கிழமை.